‘இல்லை என்று சொல்வதற்கில்லை’: சிடி ஸ்கேன் அறிக்கையைத் தமிழாக்கத் தொடங்குவோருக்கு

நெஞ்சக சிடி ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் குடும்பத்தினர் முதலில் புரட்டுவது அதன் கடைசிப் பத்தியைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் தன் தந்தையின் அறிக்கையை என்னிடம் மொழிபெயர்ப்புக்குத் தந்த ஒரு பெண், நான் வேலையைத் தொடங்குவதற்குள் தொலைபேசியில் அழைத்து, “இருக்குன்னு எழுதியிருக்காங்களா, இல்லைன்னு எழுதியிருக்காங்களா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்” என்று கேட்டார். அந்த அறிக்கையில் இருக்கிறது என்றும் எழுதப்படவில்லை, இல்லை என்றும் எழுதப்படவில்லை. படத்தில் தெரிந்ததை விவரித்து, அது என்னவாக இருக்க வாய்ப்பு அதிகம், எதை இன்னும் விலக்க முடியவில்லை என்று கதிரியக்க மருத்துவர் அளந்து எழுதியிருந்தார். அந்த அளவு கூடாமலும் குறையாமலும் தமிழுக்கு வருவது எப்படி என்பதை மட்டுமே இக்கட்டுரை பேசுகிறது. மருத்துவக் கலைச்சொற்களை அகராதியில் தேடிக்கொள்ளலாம். உறுதியின் அளவைக் காட்டும் சொற்களுக்கு அகராதி அவ்வளவாக உதவாது, புதியவர்கள் அதிகம் தவறுவதும் அங்கேதான்.

பாடத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஓர் அறிக்கையை இறுதிவரை உடன் வைத்துக்கொள்வோம். நோயாளி 58 வயது ஆண், முன்பு புகைபிடித்தவர், மூன்று வாரமாக இருமல். வலது நுரையீரலின் மேல் மடலில், பின்புறப் பகுதியில், 7 × 6 மி.மீ. அளவுள்ள திண்மையான சிறு முடிச்சு ஒன்று தெரிகிறது, அதன் விளிம்பு சற்றே ஒழுங்கற்று இருக்கிறது, அதில் சுண்ணாம்புப் படிவு இல்லை. இடது மேல் மடலில் சுண்ணாம்பு படிந்த மிகச் சிறிய கிரானுலோமா ஒன்று, அதாவது அழற்சியால் உண்டாகும் சிறு திரள், உண்டு. நடு நெஞ்சுப் பகுதியில் சில நிணநீர்க் கணுக்கள் 1 செ.மீ.க்கும் குறைவான அளவில் தெரிகின்றன. நுரையீரல் உறையில் நீர்க்கோப்பு காணப்படவில்லை. இறுதிக் கருத்து இரண்டே வரி: வலது முடிச்சு ‘லைக்லி போஸ்ட்-இன்ஃபெக்டிவ் கிரானுலோமா’, ஆனால் ‘நியோபிளாஸ்டிக் ஈட்டியாலஜி கெனாட் பி என்டயர்லி எக்ஸ்க்ளூடட்’; நோயாளியின் பிற விவரங்களோடு பொருத்திப் பார்க்கவும், 6 முதல் 12 மாதங்களில் மீண்டும் சிடி எடுத்துப் பார்க்கவும் பரிந்துரைக்கப்படுகிறது.

முதலில் முழுவதையும் படியுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம்

இத்தகைய அறிக்கை பெரும்பாலும் ஐந்து பகுதிகளாக இருக்கும்: பரிசோதனைக்கான காரணம், படம் எடுத்த முறை, முந்தைய படத்துடன் ஒப்பீடு, காணப்பட்டவை, மருத்துவரின் கருத்து. கடைசி இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘ஃபைண்டிங்ஸ்’ என்பது படத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. ‘இம்ப்ரெஷன்’ என்பது தெரிந்ததை வைத்து மருத்துவர் கொண்ட கருத்து. முன்னதைக் ‘கண்டுபிடிப்புகள்’ என்று எழுதினால் ஏதோ ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற தொனி வந்துவிடுகிறது. பின்னதை ‘முடிவு’ என்று எழுதினால் மருத்துவர் தீர்ப்பே வழங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. நான் ‘காணப்பட்டவை’ என்றும் ‘மருத்துவரின் கருத்து’ என்றும் எழுதுகிறேன். வேறு சொற்களை நீங்கள் விரும்பலாம். ஆனால் முன்னதில் கண்ணும் பின்னதில் கருத்தும் பேச வேண்டும்.

படித்து முடித்ததும் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் மூன்று அடையாளங்களில் ஒன்றை இடுங்கள்: தெரிந்தது, அளந்தது, ஊகித்தது. நம் அறிக்கையில் ‘விளிம்பு சற்றே ஒழுங்கற்று இருக்கிறது’ என்பது தெரிந்தது. ‘7 × 6 மி.மீ.’ அளந்தது. ‘கிரானுலோமாவாக இருக்க வாய்ப்பு’ என்பது ஊகித்தது. சில வாக்கியங்கள் இரண்டு அடையாளங்களைக் கேட்கும். இடது மடலில் உள்ளதைச் ‘சுண்ணாம்பு படிந்த கிரானுலோமா’ என்று மருத்துவர் தயங்காமல் எழுதுகிறார், அதாவது தெரிந்ததையும் அதன் பெயரையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார். வலது மடலில் உள்ளதை அவர் அப்படிச் சொல்லவில்லை, அங்கே ‘முடிச்சு’ என்று மட்டும் எழுதி, கிரானுலோமா என்ற பெயரைக் கருத்துப் பகுதிக்கு ஒத்திவைக்கிறார். சுண்ணாம்புப் படிவு இடதில் இருப்பதும் வலதில் இல்லாததும்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மொழிபெயர்ப்பில் இரண்டையும் ‘கிரானுலோமா முடிச்சுகள்’ என்று சேர்த்து எழுதுபவர், மருத்துவர் கவனமாகப் பிரித்து வைத்ததை ஒரே கோட்டில் நிறுத்திவிடுகிறார்.

இங்கேயே பொருட்பெயர்களையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘நாட்யூல்’ என்பதை நான் ‘சிறு முடிச்சு’ என்கிறேன், ‘கட்டி’ என்பதில்லை. நுரையீரலைப் பொறுத்தவரை 3 செ.மீ. வரை உள்ளதே நாட்யூல், அதற்கு மேற்பட்டது ‘மாஸ்’. ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருக்கும்போது தமிழில் இரண்டுக்கும் ‘கட்டி’ என்றால் அளவு பற்றிய செய்தி தொலைந்துபோகிறது, போதாததற்கு ‘கட்டி’ என்றதும் வீட்டார் காதில் புற்றுநோய் என்றே விழுகிறது. ‘லீஷன்’ என்பதைப் ‘புண்’ என்று எழுதுவதும் தவறு. இயல்பிலிருந்து மாறியுள்ள ஓர் இடம் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை, எனவே ‘மாறுபட்ட பகுதி’ போதும். ‘அக்யூட்’ என்பது ‘கடுமையான’ அன்று, ‘அண்மையில் ஏற்பட்ட’ என்பதாகும். ‘கிராஸ்லி நார்மல்’ என்பது மேலோட்டமான பார்வையில் இயல்பாக உள்ளது என்று பொருள்படும். அதிலுள்ள ‘மேலோட்டமான’ என்னும் வரையறையை விட்டுவிடக் கூடாது.

உறுதியின் படிக்கட்டு

ஊகித்தது என்று அடையாளமிட்ட வாக்கியங்களுக்கு, மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன்பே ஒரு படிக்கட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத் தொடர் ஒன்றுக்குத் தமிழ்த் தொடர் ஒன்று, அறிக்கை முழுவதும் அதுவே. எழுத்தில் சொன்னதையே திரும்பச் சொல்வது அழகில்லை என்று நமக்குப் பள்ளியில் கற்பித்திருக்கிறார்கள். இங்கே அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும், ஏனெனில் சொல் மாறினால் அளவு மாறிவிட்டதாகப் படிப்பவர் எண்ணுவார். நான் பயன்படுத்தும் படிக்கட்டின் முதன்மையான படிகள் இவை:

- ‘டயக்னாஸ்டிக் ஆஃப்’: … என்பதை உறுதிசெய்கிறது
- ‘கன்சிஸ்டென்ட் வித்’: … உடன் ஒத்துப்போகிறது
- ‘லைக்லி’, ‘ப்ராபபிள்’: அநேகமாக … ஆக இருக்கும்
- ‘சஜஸ்டிவ் ஆஃப்’: … ஐச் சுட்டுவதாக உள்ளது
- ‘பாசிபிள்’, ‘மே ரெப்ரெசென்ட்’: … ஆக இருக்கக்கூடும்
- ‘கெனாட் பி எக்ஸ்க்ளூடட்’: … இல்லை என்று இப்பரிசோதனையைக் கொண்டு உறுதிசெய்ய இயலவில்லை
- ‘அன்லைக்லி’: … ஆக இருக்கும் வாய்ப்பு குறைவு
- ‘நோ எவிடென்ஸ் ஆஃப்’: … க்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை

இந்த வரிசையை நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாக மாற்ற முயல வேண்டாம். ‘கன்சிஸ்டென்ட் வித்’ என்று எழுதும் ஒரு மருத்துவர் ஏறக்குறைய உறுதி என்ற பொருளில் எழுதியிருப்பார், இன்னொருவர் பொருந்துகிறது, ஆனால் வேறொன்றாகவும் இருக்கலாம் என்ற பொருளில் எழுதியிருப்பார். மருத்துவர்களுக்குள்ளேயே இருக்கும் அந்த வேறுபாட்டைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் நமக்கில்லை. ‘ஒத்துப்போகிறது’ என்று எழுதினால், சிகிச்சை தரும் மருத்துவர் அந்தத் தொடரை மூலத்தில் இருந்த ஆங்கிலத் தொடராகவே திருப்பிப் படித்துக்கொள்ள முடியும். ‘ஆகும்’ என்று எழுதிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

படிக்கட்டை அமைக்கும்போது தமிழ்ச் சொற்களுக்கே உரிய சில குழிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் மிகவும் ஆழமானது ‘சந்தேகம்’. ‘சஸ்பிஷியஸ் ஃபார் மலிக்னன்ஸி’ என்பது கதிரியக்க அறிக்கையிலும் நோய்க்குறியியல் அறிக்கையிலும் வலுவான எச்சரிக்கை, அடுத்து என்ன செய்வது என்று உடனே யோசிக்கச் செய்யும் தொடர். இதைப் ‘புற்றுநோய் என்பது சந்தேகம்’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். நம் வழக்கில் ‘அவன் வருவது சந்தேகம்தான்’ என்றால் வரமாட்டான் என்றே பொருள். வலுவான எச்சரிக்கை ஒரே சொல்லில் ஆறுதலாக மாறிவிட்டது! ‘புற்றுநோயோ என்று ஐயுறத்தக்க தோற்றம் உள்ளது’ என்று ஐயத்தின் திசையையும் சேர்த்து எழுதினால்தான் பொருள் நிற்கும்.

அடுத்தது ‘பெரும்பாலும்’. இச்சொல் வாய்ப்பையும் குறிக்கும், எத்தனை முறை என்பதையும் குறிக்கும். ‘இத்தகைய முடிச்சுகள் பெரும்பாலும் தீங்கற்றவை’ என்றால் பொதுவாகப் பலருக்கு என்று பொருள். ‘இம்முடிச்சு பெரும்பாலும் தீங்கற்றது’ என்றால் முடிச்சின் பெரும்பகுதி தீங்கற்றது என்றுகூட ஒருவர் புரிந்துகொள்ளலாம். ஒருவரது உடலில் உள்ள ஒன்றைப் பற்றிய வாய்ப்பைச் சொல்ல ‘அநேகமாக’ என்ற சொல்லே தெளிவானது.

மூன்றாவது ‘-லாம்’ என்ற ஈறு. அது இயலக்கூடியதையும் குறிக்கிறது, யோசனையையும் குறிக்கிறது. ‘காசநோயாக இருக்கலாம்’ என்பதும் ‘மீண்டும் சிடி எடுக்கலாம்’ என்பதும் ஒரே ஈற்றில் முடிவதால், மருத்துவர் பரிந்துரைத்த பரிசோதனை விரும்பினால் செய்துகொள்ளத்தக்க ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. எனவே ஊகத்துக்கு ‘-க்கூடும்’ என்பதையும், பரிந்துரைக்குப் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்பதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அறிக்கையில் ‘-லாம்’ என்ற ஈற்றையே நான் தவிர்த்துவிடுகிறேன். ‘இருக்க வேண்டும்’ என்பதையும் அப்படியே தவிர்க்கிறேன், அது ஊகமா கட்டளையா என்று வாக்கியம் தனித்து நிற்கும்போது தெரிவதில்லை.

இல்லாமையைச் சொல்லும் வாக்கியத்தில் ‘இல்லை’ என்பதும் ‘காணப்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. ‘நீர்க்கோப்பு இல்லை’ என்பது உடலைப் பற்றிய கூற்று, ‘நீர்க்கோப்பு காணப்படவில்லை’ என்பது படத்தைப் பற்றிய கூற்று. படம் பார்த்து எழுதுபவரால் சொல்ல முடிந்தது இரண்டாவதுதான். ‘நோ எவிடென்ஸ் ஆஃப்’ என்பது எதிர்மறையின் மிக உயர்ந்த படி என்றாலும் அதுவும் பரிசோதனையின் எல்லைக்குள் நிற்கும் படியே.

அளவுகள்

எண்களை மொழிபெயர்ப்பது எளிது என்று தோன்றும், ஏனெனில் அவற்றை மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. தவறு நேர்வதும் அதனால்தான். மூலத்தில் மில்லிமீட்டர் என்றிருந்தால் மில்லிமீட்டர், சென்டிமீட்டர் என்றிருந்தால் சென்டிமீட்டர். ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதாதீர்கள், மாற்றும்போது புள்ளி இடம் மாறிப்போவது மிக எளிது. ‘1.0 செ.மீ.’ என்பதை ‘1 செ.மீ.’ என்று சுருக்கவும் வேண்டாம், அந்தப் பூச்சியம் எவ்வளவு நுட்பமாக அளந்தார்கள் என்று சொல்கிறது. ‘அப்ராக்ஸிமேட்லி’ இருந்தால் ‘ஏறத்தாழ’ வர வேண்டும், இல்லாவிட்டால் வரக் கூடாது. ‘அப் டு 8 மி.மீ.’ என்பது 8 மி.மீ. அன்று, ‘மிகப் பெரியது 8 மி.மீ. வரை’ என்பதாகும்.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்பவருக்கு நம் அறிக்கையின் முடிச்சே பதில். தற்செயலாகத் தெரியவரும் நுரையீரல் முடிச்சுகளை எப்படித் தொடர்ந்து கவனிப்பது என்பதற்கு நெஞ்சகப் படவியலுக்கான பன்னாட்டு அமைப்பாகிய ஃபிளைஷ்னர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மருத்துவர்களிடையே பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி ஒற்றைத் திண்ம முடிச்சு 6 மி.மீ.க்குக் குறைவாகவும் நோயாளிக்கு ஆபத்துக் காரணிகள் குறைவாகவும் இருந்தால் வழக்கமான தொடர் படம் தேவைப்படுவதில்லை. 6 முதல் 8 மி.மீ. வரை இருந்தால் 6 முதல் 12 மாதங்களில் மீண்டும் சிடி. 8 மி.மீ.க்கு மேல் சென்றால் 3 மாதங்களில் சிடி, அல்லது பெட்-சிடி, அல்லது திசு எடுத்துப் பார்ப்பது ஆகியவற்றைக் கருதுகிறார்கள். ஆக, நம் 7 × 6 மி.மீ. முடிச்சை வீட்டாருக்கு எளிதாகப் புரியட்டும் என்று ‘சுமார் 1 செ.மீ.’ என எழுதிவிட்டால், அடுத்த அறிக்கையில் ‘8 மி.மீ.’ என்று வரும்போது வளர்ந்த முடிச்சு சுருங்கியதாகத் தெரியும். சுண்டைக்காய் அளவு, மிளகு அளவு என்று உவமை சொல்வதும் பேச்சுக்குச் சரி, மொழிபெயர்ப்புக்குள் அதற்கு இடமில்லை. அதே நேரத்தில், இந்த வழிகாட்டுதல் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக அறிக்கையில் இல்லாத காலக்கெடுவை நீங்கள் சேர்க்கவும் கூடாது. ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்கள், நோயெதிர்ப்பு குன்றியவர்கள், 35 வயதுக்குட்பட்டவர்கள் போன்றோருக்கு அது பொருந்தாது, அறிக்கை எழுதியவர் அவற்றையெல்லாம் பார்த்துத்தான் எழுதியிருப்பார்.

வகை எண்களும் அளவுகளே. மார்பகப் படங்களுக்கான பை-ராட்ஸ் வகைப்பாட்டில் ‘வகை 0’ என்றால் மதிப்பீடு முழுமையடையவில்லை, மேலும் படமோ பழைய படங்களோ தேவை என்று பொருள். பூச்சியம் என்றதும் ‘ஒன்றுமில்லை’ என்று நிம்மதியடைந்து வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடியவர்கள் உண்டு. எனவே வகை எண்ணை அப்படியே எழுதி, அறிக்கையிலேயே அதன் பெயர் தரப்பட்டிருந்தால் அந்தப் பெயரையும் முழுமையாக மொழிபெயர்க்க வேண்டும். பெயர் தரப்படவில்லை என்றால் ‘மொழிபெயர்ப்பாளர் குறிப்பு’ என்று தனியாகத் தலைப்பிட்டு அதன் பொருளை எழுதலாம், அறிக்கையின் வாக்கியத்துக்குள் நுழைக்கக் கூடாது.

கருத்துப் பகுதியை எழுதுதல்

இப்போது நம் அறிக்கையின் அந்த இரண்டு வரிகளுக்கு வருவோம். புதியவர் ஒருவரின் முதல் வரைவு பொதுவாக இப்படி அமையும்: ‘வலது நுரையீரலில் உள்ள கட்டி தொற்றினால் ஏற்பட்டதாக இருக்கலாம். ஆனால் புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்து சிடி எடுக்கலாம்.’

ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘லைக்லி’ என்பது ‘இருக்கலாம்’ ஆனதால் இரண்டு படி இறங்கிவிட்டது. ‘போஸ்ட்-இன்ஃபெக்டிவ்’ என்பது முன்பு வந்துபோன தொற்றின் எச்சம், அது ‘தொற்றினால் ஏற்பட்டது’ என்று மாறியதும் இப்போது தொற்று இருப்பதாகத் தொனிக்கிறது, காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது வீட்டில் வேறு அச்சத்தைக் கிளப்பும். ‘கெனாட் பி என்டயர்லி எக்ஸ்க்ளூடட்’ என்பதில் உள்ள ‘என்டயர்லி’ மறைந்துவிட்டது. அதைவிடப் பெரியது, ‘புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாது’ என்ற வாக்கியம் தமிழ்ப் பேச்சில் என்ன செய்கிறது என்பது. ‘அவன் கெட்டவன் இல்லை என்று சொல்ல முடியாது’ என்று ஒருவர் சொன்னால், கெட்டவன்தான் என்று நாசூக்காகச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறோம். நம் மொழியில் இரட்டை எதிர்மறை பெரும்பாலும் மறைமுகமான உடன்பாடு. ஆங்கில அறிக்கையில் அதே அமைப்பு, இது முதன்மையான கருத்து அல்ல, ஆனால் முழுவதும் விலக்க இப்படம் போதவில்லை என்ற பின்னணிக் குறிப்பு. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் அளவு தலைகீழாகப் போகிறது.

பரிந்துரையில் ‘6 முதல் 12 மாதங்களில்’ என்ற காலம் ‘ஆறு மாதம் கழித்து’ என்று சுருங்கியதோடு, பரிந்துரையே விருப்பமாகவும் மாறிவிட்டது. ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ முழுவதுமாக விடுபட்டது, அது சடங்கு வாக்கியம் என்று எண்ணி விட்டுவிடுபவர்கள் பலர். நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரின் பரிசோதனை இல்லாமல் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பது அதன் பொருள், எனவே அது உறுதியின் அளவோடு நேரடியாகத் தொடர்புடைய வாக்கியமே.

நான் கைக்கொள்ளும் வடிவம் இது: ‘வலது மேல் மடலில் உள்ள சிறு முடிச்சு, அநேகமாக முன்பு ஏற்பட்ட தொற்றின் எச்சமாகிய கிரானுலோமாவாக இருக்கும். எனினும், அது புதுவளர்ச்சியால் உண்டான முடிச்சு அன்று என்று இப்பரிசோதனையை மட்டும் கொண்டு முழுமையாக உறுதிசெய்ய இயலவில்லை. நோயாளியின் அறிகுறிகளோடும் பிற பரிசோதனைகளோடும் பொருத்திப் பார்க்கவும், 6 முதல் 12 மாதங்களில் மீண்டும் சிடி எடுத்து ஒப்பிடவும் பரிந்துரைக்கப்படுகிறது.’

இரட்டை எதிர்மறையை நான் நீக்கவில்லை, நீக்கினால் ‘புற்றுநோயாகவும் இருக்கக்கூடும்’ என்று ஒரு படி மேலே ஏறிவிடும். அதற்குப் பதிலாக, ‘இப்பரிசோதனையை மட்டும் கொண்டு’ என்று அந்த இயலாமையின் காரணத்தை வாக்கியத்துக்குள் வைத்தேன். உறுதிசெய்ய முடியாமல் போவது கருவியின் எல்லையால், மருத்துவர் எதையோ மறைப்பதால் அன்று என்பது அதில் தெரிந்துவிடுகிறது. இது மூலத்தில் வெளிப்படையாக இல்லாத சொற்களைச் சேர்ப்பதாகாதா என்ற வினா நியாயமானதே. மருத்துவர்களிடையே படிக்கப்படும்போது ஆங்கிலத் தொடரில் அப்பொருள் உள்ளடங்கியே இருக்கிறது என்பதால் இதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் காப்பீட்டுக்காகவோ நீதிமன்றத்துக்காகவோ சான்றளித்துத் தரும் மொழிபெயர்ப்பில் அச்சொற்களைக்கூடச் சேர்க்காமல், ‘முழுமையாக விலக்க இயலவில்லை’ என்று மட்டும் எழுதுவேன். ‘நியோபிளாஸ்டிக்’ என்பதைப் ‘புற்றுநோய்’ என்று எழுதாததற்கும் காரணம் உண்டு. புதுவளர்ச்சி தீங்கற்றதாகவும் இருக்கலாம். மருத்துவர் ‘மலிக்னன்ட்’ என்று எழுதாத இடத்தில் நாம் எழுதக் கூடாது. ‘புதுவளர்ச்சி’ என்ற சொல் வீட்டாருக்குப் புரியாது என்றால் அதற்கும் தனிக் குறிப்பே வழி.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், உறுதியின் அளவும் கடைசியில்தான் வெளிப்படுகிறது. நீண்ட வாக்கியத்தில் நோயின் பெயர் முன்னே வந்து, ‘வாய்ப்பு குறைவு’ என்பது இருபது சொல் தள்ளி வந்தால், படிப்பவர் நோயின் பெயரிலேயே நின்றுவிடுகிறார். ‘அநேகமாக’, ‘எனினும்’ போன்ற சொற்களை நோயின் பெயருக்கு முன்னே வைத்துவிட்டால் காது முன்கூட்டியே தயாராகிவிடும். ஒரு வாக்கியத்தில் ஓர் ஊகத்துக்கு மேல் வேண்டாம்.

திசுப் பரிசோதனை அறிக்கையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது

நோய்க்குறியியல் அறிக்கையில் வாக்கியங்கள் இன்னும் உறுதியாக இருக்கும், ஏனெனில் அங்கே பார்ப்பது திசுவையே. ஆனால் அதன் எல்லை வேறு: எடுத்த மாதிரியில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். ‘பரிசோதிக்கப்பட்ட வெட்டுத் துண்டுகளில் புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை’ என்பதில் முதல் மூன்று சொற்களும் வாக்கியத்தின் உயிர். அவற்றைத் துறந்து ‘புற்றுநோய் இல்லை’ என்று எழுதினால் ஊசி படாத இடத்துக்கும் சேர்த்து உறுதி கொடுத்துவிடுகிறோம்.

தைராய்டு ஊசி உறிஞ்சல் பரிசோதனையில் பெத்தெஸ்டா வகைப்பாடு ஆறு வகைகளைக் கொண்டது. அதன் முதல் வகை ‘நான்டயக்னாஸ்டிக்’. இதை ‘நோய் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று மொழிபெயர்த்த வரைவு ஒன்று திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. உண்மையில் அது, எடுத்த மாதிரி கருத்துச் சொல்லப் போதுமானதாக இல்லை என்பதாகும். பொதுவாக மீண்டும் ஊசி வழியாக மாதிரி எடுக்க வேண்டியிருக்கும் நிலை அது. தீங்கற்றது என்பது இரண்டாவது வகை. முதல் வகையை இரண்டாவதாக ஆக்கிவிட்டால் அந்த நோயாளி திரும்பி வரவே மாட்டார். ஐந்தாவது வகை புற்றுநோயோ என்று ஐயுறத்தக்கது, ஆறாவது புற்றுநோய். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள ஒரு படியும் அப்படியே தமிழில் நிற்க வேண்டும்.

சரிபார்த்தல்

என் மொழிபெயர்ப்பை நான் மூன்று முறை சரிபார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் பார்க்கிறேன். முதல் முறை எண்களும் பக்கங்களும்: ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, நான் தமிழ்ப் பிரதியில் ஒவ்வோர் எண்ணையும் அலகையும் ‘வலது’, ‘இடது’ என்ற சொற்களையும் விரலால் தொட்டுச் செல்கிறேன். இரண்டாம் முறை உறுதியின் அளவு: ஊகித்தது என்று பென்சிலால் குறித்த வாக்கியங்களின் முடிவினைகளை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டு, படிக்கட்டில் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். மூன்றாம் முறை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் தமிழைக் கொடுத்து, “டாக்டர் எதை உறுதியாகச் சொல்கிறார், எதை நினைக்கிறார், எதைச் சொல்ல முடியவில்லை என்கிறார்?” என்று கேட்கிறேன். அவர் ‘கேன்சர்னு மறைமுகமா சொல்றாங்க’ என்று பதில் சொன்னால், அந்த வாக்கியம் எனக்கு எவ்வளவு சரியாகப் பட்டாலும் திருத்தி எழுத வேண்டியதுதான்.

மூலத்திலேயே பிழை இருப்பதும் உண்டு. காணப்பட்டவை பகுதியில் ‘வலது’ என்றும் கருத்துப் பகுதியில் ‘இடது’ என்றும் இருந்தால், எது சரி என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள். இரண்டையும் உள்ளபடி எழுதி, முரண்பாட்டைக் குறிப்பில் சுட்டி, அறிக்கை தந்த பரிசோதனை மையத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்கச் சொல்லுங்கள். ‘நோய் இருக்கிறதா, இல்லையா’ என்று வீட்டார் கேட்டால், அது சிகிச்சை தரும் மருத்துவர் சொல்ல வேண்டியது என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். என்னை அழைத்த பெண்ணிடம் நானும் அதைத்தான் சொன்னேன். மருத்துவர் உறுதியாகச் சொல்லாததை நான் சொன்னால், அவர் அப்பாவுக்கு நல்லது செய்தவளாக ஆகமாட்டேன் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த நாள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்களை என்னோடு சேர்ந்து எழுதிக்கொண்டார்.

ஒப்படைக்கும் முன் அறிக்கையின் தலைப்பில் ‘ப்ரொவிஷனல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தமிழிலும் முதல் வரியிலேயே ‘தற்காலிக அறிக்கை’ என்று வர வேண்டும். கடைசியில் ‘அடெண்டம்’ என்ற தலைப்பில் பின்னர் சேர்க்கப்பட்ட பத்தி இருந்தால், அது முன்னே சொன்ன கருத்தை மாற்றியிருக்கக்கூடும் என்பதால், அதைத் தேதியோடும் நேரத்தோடும் தனிப் பகுதியாக மொழிபெயர்த்து, ‘மருத்துவரின் கருத்து’ என்ற தலைப்பின் அருகிலேயே ‘கீழே பிற்சேர்க்கை உள்ளது’ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் குறிப்பையும் வையுங்கள்.